கடை வேனுக்குத் தேய்மானம்: வரிச் சட்டம் தரும் கழிவும் ஐந்து வருடக் கணக்கும்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரி மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் சரக்கு அனுப்ப ஆறு லட்ச ரூபாயில் வேன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு லட்ச ரூபாயை முதல் வருடமே செலவாக எழுத முடியாது. வேன் பல வருடம் ஓடி வியாபாரம் கொண்டுவரும் என்பதால், அதன் விலையும் வருடா வருடம் பிரிந்துதான் செலவாக வேண்டும். அப்படிப் பிரித்து எழுதுவதுதான் தேய்மானம். வருமான வரியில் இதைக் கழித்துக்கொள்ள, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு வழி செய்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தக் கழிவு உண்டு.

முதலில் அடக்க விலை. வண்டியின் விலை 5,60,000. பாடி கட்டியது, பதிவுக் கட்டணம், சாலை வரி எல்லாம் சேர்ந்து 40,000. மொத்தம் 6,00,000. ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொண்டால் அந்தத் தொகையை இதில் சேர்க்கக் கூடாது. இன்சூரன்ஸ் பிரீமியமும் சேராது. அது அந்தந்த வருடச் செலவு.

பிளஸ் ஒன் மாணவர்கள் முதலில் படிப்பது நேர்கோட்டு முறை. ஐந்து வருடம் கழித்து வேன் 1,50,000-க்கு விலைபோகும் என்று மதிப்பிட்டால், மீதி 4,50,000-ஐ ஐந்தால் வகுத்து வருடத்துக்கு 90,000. வருடக் கடைசியில் தேய்மானக் கணக்கில் பற்று, வேன் கணக்கில் வரவு. கையிலிருந்து பணம் எதுவும் போவதில்லை. வேனின் ஏட்டு மதிப்புதான் குறைகிறது.

கடைக்காரர்களுக்கான வரிக் கணக்கு இப்படிப் போவதில்லை. அங்கே குறைந்து செல் மதிப்பு முறை. சொந்தச் சரக்கை ஏற்றும் வேனுக்கு வீதம் 15 சதவீதம். (லாரி, பஸ், டாக்சியை வாடகைக்கு ஓட்டுவதையே தொழிலாகச் செய்தால் 30.) ஒவ்வொரு வருடமும் மீதியிருக்கும் மதிப்பின் மேல்தான் வீதம் போட வேண்டும். இறுதி மதிப்பை முன்கூட்டியே கழிக்கவும் கூடாது. வேன் ஜூனில் ஓட ஆரம்பித்தால் கணக்கு இப்படி வரும்:

| வருடம் | தேய்மானம் | மீதி மதிப்பு |
|---|---|---|
| 1 | 90,000 | 5,10,000 |
| 2 | 76,500 | 4,33,500 |
| 3 | 65,025 | 3,68,475 |
| 4 | 55,271 | 3,13,204 |
| 5 | 46,981 | 2,66,223 |

முதல் வருடம் இரண்டு முறையிலும் 90,000 வருகிறது. இங்கேதான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள். அடுத்த வருடமும் 6,00,000-க்கே 15 சதவீதம் போட்டுவிடுகிறார்கள். இரண்டாம் வருடத் தொகை முதல் வருடத்தைவிடக் குறையவில்லை என்றால் கணக்கு தப்பு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு. வாங்கிய வருடத்தில் வேன் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி வீதம்தான். சாதாரண வருடத்தில் அக்டோபர் 3-க்குள் ஓட ஆரம்பித்தால்தான் மார்ச் 31-க்குள் 180 நாள் தேறும். நம் ஊரில் ஆயுத பூஜைக்கு வண்டி எடுக்கும் பழக்கம் உண்டு. அது பெரும்பாலும் இந்தத் தேதியைத் தாண்டித்தான் வருகிறது. அப்போது முதல் வருடம் 45,000தான் கிடைக்கும். விட்டுப்போன தொகை வீணாகாது. மீதி மதிப்பு 5,55,000 என்று நிற்பதால் இரண்டாம் வருடம் 83,250 கிடைக்கும்.

கடன் வாங்கி எடுத்தவர்களுக்கு வரும் குழப்பம் வேறு. மாதத் தவணை முழுவதையும் செலவில் எழுதிவிடுகிறார்கள். தவணையில் வட்டி மட்டுமே செலவு. அசல் என்பது கடனைத் திருப்பிக் கட்டுவது. வேனின் விலை தேய்மானம் வழியாகத்தான் செலவுக்கு வரும். கடன் பாக்கி இருந்தாலும் முழு 6,00,000-க்கும் தேய்மானம் உண்டு. லாபம் குறைவான வருடத்தில் "இந்த வருடம் தேய்மானம் வேண்டாம், அடுத்த வருடம் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடவும் முடியாது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எடுத்ததாகவே வைத்து மீதி மதிப்பைக் குறைத்துவிடுவார்கள்.

சரி, ஆறாம் வருடம் வேனை 1,50,000-க்கு விற்கிறார். நேர்கோட்டு ஏட்டில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வரிக் கணக்கில் 2,66,223-இல் 1,50,000 போக 1,16,223 மிஞ்சும். ஒரே வீதம் உள்ள இயந்திரம், வண்டிகளை வரிக் கணக்கு ஒரே தொகுதியாகச் சேர்த்துத்தான் பார்க்கும். 15 சதவீதத் தொகுதியில் தராசு, பேக்கிங் மெஷின் என்று வேறு ஏதாவது இருந்தால், அவற்றின் மதிப்போடு இதுவும் சேர்ந்து தொடர்ந்து தேயும். அந்தத் தொகுதியில் இருந்தது இந்த வேன் ஒன்றுதான் என்றால், மிஞ்சியது குறுகிய கால மூலதன நட்டம் ஆகிவிடும். அதைக் கடை லாபத்தில் கழிக்க முடியாது, மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். எப்படியும் புது வேன் வாங்கத்தான் போகிறார் என்றால், பழையதை விற்ற அதே நிதியாண்டில் மார்ச் 31-க்குள் வாங்கிவிட்டால் தொகுதி அறுந்துபோகாது.