தீபாவளியன்று ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவருக்கு என்ன வாழ்த்து அனுப்பலாம்?

நோயாளிக்குத் துணையாக வார்டில் இருப்பவரின் போனுக்கும் தீபாவளியன்று விடிகாலையிலிருந்தே வாழ்த்துகள் வந்து குவியும். விளக்குப் படம், மத்தாப்பு வீடியோ, குடும்பமாகப் புத்தாடையில் எடுத்த போட்டோ. அனுப்பியவர் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லோருக்கும் போனது இவருக்கும் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று தெரிந்தால் நாம் அனுப்புவதும் மாறும், அனுப்பும் நேரமும் மாறும்.

வார்டுகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு நிலைமையையே எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அம்மா, கூட இருக்கும் மகள். அம்மாவுக்கு வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சு வரவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவுக் குழாய், கீழே சிறுநீர்ப் பை. மகளின் நாள் ஐந்து மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும், துணி மாற்ற வேண்டும். ஆறு மணிக்குக் குழாய் வழியாக முதல் உணவு. பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் டாக்டர் ரவுண்ட்ஸ். அப்போது இவர் அருகில் இல்லாவிட்டால், பண்டிகை நாளில் மறுபடி டாக்டரைப் பிடிப்பது கடினம். டியூட்டி டாக்டர்கள் குறைவாக இருப்பார்கள், அவசரங்களுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எல்லோரும் வாழ்த்து அனுப்பும் ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரைதான் அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத பொழுது. போனுக்கும் சங்கடம் உண்டு. பல வார்டுகளில் நாலைந்து கட்டிலுக்கு ஒரு பிளக் பாயின்ட்தான் கிடைக்கும். லேபிலிருந்து ரிப்போர்ட் வருவதும், இன்சூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து கூப்பிடுவதும், ரத்தம் கொடுக்க வருகிறவர் வழி கேட்பதும் அதே போனில்தான். நாற்பது படங்களுக்கு நடுவே ரிப்போர்ட் எங்கே என்று தேடும் நிலையில் அவரை விடக்கூடாது. நீளமான குரல் செய்தியும் வேண்டாம். வார்டில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க முடியாது. வீடியோ கால் வந்தால் பக்கத்துக் கட்டில் நோயாளியும் திரையில் தெரிவார்.

எனவே வாழ்த்தை முதல் நாள் சாயங்காலமே அனுப்பிவிடுங்கள். மறுநாளுக்கு ஏதாவது உதவி செய்வதாக இருந்தால் ஏற்பாடு செய்யவும் அதுதான் நேரம், கடைகள் அப்போது திறந்திருக்கும்.

இனி என்ன எழுதுவது. பெரும்பாலும் போகும் வாழ்த்து இப்படி இருக்கும்: “இனிய தீபாவளி நல்வாழ்த்துக்கள் அக்கா. அம்மா எப்படி இருக்காங்க? டாக்டர் என்ன சொன்னார்? கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா ஆயிடும். ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க.” அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, இரண்டுக்கும் அவர் பதில் எழுத வேண்டும். இதே கேள்விகளை அன்றைக்கு இருபது பேர் கேட்டிருப்பார்கள். ‘எல்லாம் நல்லபடியா ஆயிடும்’ என்பது டாக்டரே சொல்லாத உறுதி. ‘ஏதாவது வேணும்னா கேளுங்க’ என்றால், என்ன வேண்டும் என்று யோசிப்பதும் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று தயங்குவதும் அவர் தலையில் விழுகிறது. அநேகமாக யாரும் கேட்பதில்லை.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“அக்கா, நாளைக்குத் தீபாவளி. அம்மா பக்கத்துல நீங்க உக்காந்திருக்கறதை நினைச்சுக்கிட்டே இருக்கோம். காலையில ஏழரைக்கு உங்களுக்கு இட்லியும் பிளாஸ்க்ல காபியும் கொண்டு வர்றேன். கீழ வர முடியலைன்னா கேட்ல செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுப் போயிடறேன். பதில் போடணும்னு இல்லை. வேண்டாம்னா மட்டும் ஒரு வார்த்தை போடுங்க.”

இதில் நோயாளியைப் பற்றிக் கேள்வி இல்லை. வாழ்த்து அவருக்கானது என்பது முதல் இரண்டு வரியிலேயே தெரிகிறது. என்ன, எப்போது, எங்கே என்று மூன்றும் முடிவாகிவிட்டன. அவர் மௌனமாக இருந்தாலும் உதவி வந்து சேரும். கடைசி வரி முக்கியம்: பதில் போடாததற்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்று தெரிந்தால்தான் அவர் நிம்மதியாகப் போனைக் கீழே வைப்பார்.

கூடப் பிறந்தவர்கள் என்றால், தீபாவளிக்குச் சகோதரிக்குப் பணம் கொடுக்கும் வழக்கமே கைகொடுக்கும். “இது தீபாவளிக் காசு, அண்ணன் குடுக்கறது, கணக்கு வெச்சுக்காத” என்று எழுதி அனுப்புங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று கொடுத்தால் வாங்கத் தயங்குபவர்கூட இதை வாங்கிக்கொள்வார்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பண்டிகையன்று ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள ஓட்டல்கள் பல மூடியிருக்கும், கேன்டீனும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே ஸ்வீட் பாக்ஸைவிடச் சாப்பாடுதான் தேவை. இட்லி, சப்பாத்தி, எலுமிச்சைச் சாதம் போல நின்றபடியே சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடுங்கள். எவர்சில்வர் டிபன் கேரியரைக் கழுவிப் பத்திரமாக வைத்திருப்பது அவருக்கு இன்னொரு வேலை. இனிப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவர் அப்போதே சாப்பிடும் அளவுக்கு ஒன்றிரண்டு போதும். கட்டிலோரப் பெட்டிமேல் வைத்த லட்டுக்கு ராத்திரிக்குள் எறும்பு வரும். அசைய முடியாத நோயாளியின் போர்வைக்குள் எறும்பு ஏறினால் அவரால் சொல்லக்கூட முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, தீபாவளிதோறும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்க வரும் சொந்தக்காரர், “நல்ல நாளும் அதுவுமா, சாஸ்திரத்துக்கு ஒரு துளி” என்று அல்வாவையோ லேகியத்தையோ விரலால் எடுத்து நோயாளியின் நாக்கில் தடவுவார். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். மூக்குக் குழாய் போட்டிருப்பது அதனால்தான். நாக்கில் வைத்தது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். சிலருக்கு அப்போது இருமல்கூட வராது, அதனால் ‘ஒண்ணும் ஆகலையே’ என்று தோன்றும். ஓரிரு நாளில் காய்ச்சல், தொண்டையில் கரகர சத்தம், மூச்சு வாங்குதல், ஆக்சிஜன் அளவு குறைதல் என்று நிமோனியாவாக வெளிப்படும். விழுங்கும் திறனைச் சோதித்து ‘வாய் வழியாகக் கொடுக்கலாம்’ என்று மருத்துவக் குழு சொல்லும்வரை ஒரு துளி தண்ணீரும் கூடாது. இதை மகள் தன் பெரியம்மாவிடமோ மாமாவிடமோ சொன்னால் மனஸ்தாபம் வரும். ஆகவே வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லும் பொறுப்பைக் குடும்பத்தில் வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அவருக்குச் செய்யும் தீபாவளி உதவிதான்.

நேரில் போக முடிந்தவர்களுக்கு இன்னொன்று சொல்கிறோம், எங்கள் கணிப்பில் இதற்கு மேலான வாழ்த்து இல்லை: அவரை இரண்டு மணி நேரம் விடுவியுங்கள். போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து வரட்டும். “மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் வர்றேன், மூணு மணி வரைக்கும் அம்மாகிட்ட இருக்கேன்” என்று முதல் நாளே எழுதிவிடுங்கள்.

அந்த நேரத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் பன்னிரண்டு மணிக்கு ஒரு உணவு, அடுத்தது மூன்று மணிக்கு. பன்னிரண்டு மணி உணவை மகளே கொடுத்து முடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் பன்னிரண்டரைக்குக் கிளம்பி இரண்டே முக்காலுக்குத் திரும்பினால், நடுவில் குழாயை நீங்கள் தொட வேண்டியதே இல்லை. உணவு போனபின் ஒரு மணி நேரமாவது கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். ‘அசௌகரியமாக இருக்கிறதே’ என்று இறக்கிவிடாதீர்கள், உள்ளே போனது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். நடுவில் இரண்டு மணி வாக்கில் ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டிவரும், அதற்கு நர்ஸைக் கூப்பிடுங்கள். அசைவில்லாத கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடலாம்.

மகள் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் நான்கு விஷயங்களை அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கடைசியாக உணவு கொடுத்த நேரம், இப்போது எந்தப் பக்கம் படுத்திருக்கிறார், சிறுநீர்ப் பையைக் காலி செய்த நேரம், காலையில் டாக்டர் சொன்னது. அட்டெண்டர் பாஸ் பெரும்பாலும் ஒன்றுதான் தருவார்கள், அதைக் கைமாற்றிக்கொள்ள மறந்தால் அவர் திரும்பி வரும்போது கேட்டில் நிற்க வேண்டிவரும். ஆள் மாறுவதை நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள். எதிலாவது கையெழுத்துக் கேட்டால் நீங்கள் போடாமல் அவரைப் போனில் கூப்பிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் நீங்கள் போக வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கள். பட்டாசுப் புகை படிந்த துணியோடும் போகாதீர்கள், அதே வார்டில் மூச்சுத்திணறல் நோயாளிகள் இருப்பார்கள். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு கண் சொருகும். ஏற்கெனவே தூக்கமில்லாதவர் ஸ்கூட்டர் ஓட்டிவர வேண்டாம், யாராவது கொண்டுவந்து விடுங்கள்.

நோயாளியின் நிலைமை மோசமாக இருந்தால் வாழ்த்தின் சொற்களே மாற வேண்டும். அனுப்புவதற்கு முன் குடும்பத்தில் வேறொருவரைக் கூப்பிட்டு இன்றைய நிலைமையைக் கேளுங்கள். நேற்று நீங்கள் கேள்விப்பட்டது இன்று மாறியிருக்கலாம். கைவிட்டுவிட்டார்கள் என்ற நிலையில் ‘இனிய’, ‘ஒளிமயமான’ எதுவும் வேண்டாம். ‘அடுத்த தீபாவளிக்கு அம்மா நம்மோட உக்காந்து சாப்பிடுவாங்க’ என்பதும் வேண்டாம். அது நடக்காது என்று தெரிந்தவரிடம் அதைச் சொன்னால் அவர் தனியாக அழுவார். “அக்கா, இன்னைக்கு உங்களையும் அம்மாவையும் நினைச்சு வீட்டுல விளக்கு ஏத்தினோம். சாயங்காலம் வந்து வெளியே உக்காந்திருப்பேன். பேசணும்னு இல்லை, எப்ப வேணா கூப்பிடுங்க.” இவ்வளவு போதும். சொன்னபடி சாயங்காலம் போய் உட்காருங்கள்.

பதிலுக்கு அவர் வெறுமனே ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினால், அதோடு விட்டுவிடுங்கள், பேச்சை நீட்ட வேண்டாம். ‘வேண்டாம்’ என்று எழுதினாலும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் கழித்து வேறொரு வேளைச் சாப்பாட்டுக்குக் கேளுங்கள். அதற்குள் பண்டிகைக்கு வந்துபோனவர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இட்லி அன்றைக்கும் தேவைப்படும்.