பன்னிரண்டு மணி வெயில் ஐந்தரை மணி ஆன கணக்கு

மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் மொட்டைமாடியில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வெயில் காய்கிறது. சோலார் பேனல் விற்க வந்தவரோ ஐந்தரை மணி நேரம்தான் என்கிறார். மீதி எங்கே?”

எங்கும் போகவில்லை. மழை பெய்தால் எத்தனை மணி நேரம் பெய்தது என்று நாம் பதிவதில்லை. மானியில் எத்தனை மில்லிமீட்டர் சேர்ந்தது என்றுதான் பார்க்கிறோம். வெயிலையும் அப்படித்தான் அளக்க வேண்டும்.

உங்கள் மாடியில் ஒரு சதுர மீட்டரைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சராசரியான ஒரு நாளில் அங்கே விழுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் 650 வாட்-மணி, ஒன்பதிலிருந்து நண்பகலுக்குள் 2,200, நண்பகலிலிருந்து மூன்றுக்குள் 2,150, மூன்றிலிருந்து ஆறுக்குள் 500. கூட்டினால் 5,500. நம் மின்கட்டண மொழியில் ஐந்தரை யூனிட்.

இப்போது ஒரு கற்பனை. சூரியன் விளக்கைப் போல எரிகிறது. எரிந்தால் சதுர மீட்டருக்கு முழுசாக 1,000 வாட், இல்லையென்றால் இருட்டு. அதே 5,500-ஐத் தர அது எவ்வளவு நேரம் எரிய வேண்டும்? ஐந்தரை மணி. இதுதான் உச்ச வெயில் மணி. கடிகார மணியல்ல, மணி வேடம் போட்ட ஆற்றல்.

ஏன் 1,000? இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம் இருக்கிறது. ஆய்வகத்தில் பேனலுக்கு வாட் மதிப்பு தருவதும் அதே 1,000 வாட் ஒளியில்தான். அதனால் பேனல் ஒளியில் எத்தனை சதவீதத்தை மின்சாரமாக்குகிறது, அதன் பரப்பு என்ன என்று எதுவும் தெரியாமலே, மூன்று கிலோவாட் பேனல் என்றால் அந்த மூன்றை ஐந்தரையால் பெருக்கினால் 16.5 யூனிட் என்று விடை வந்துவிடுகிறது.

ஆனால் மீட்டர் 12, 13 என்றுதான் காட்டும். ஆய்வகத்தில் பேனலின் சூடு 25 டிகிரி. மதுரை மாடியில் அது 60-ஐத் தொடும். டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் என்று குறைந்து, சூட்டுக்கே 12 சதவீதம் போகிறது. தூசியும் கம்பியும் இன்வெர்ட்டரும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. சுட்டெரித்தால் மின்சாரம் கொட்டும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பமல்ல.

இந்த ஐந்தரையை அளக்கும் கருவியின் கண்ணாடிக் குமிழை அடிக்கடி துடைக்க வேண்டும். கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் துடைப்பவரின் சம்பளத்துக்கும் ஒதுக்கினால் நல்லது என்பது என் கட்சி.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: மாலை ஐந்துக்குப் பேனல்மேல் விழும் தென்னை நிழலுக்காக மரத்தை வெட்டலாமா? வேண்டாம். மூன்று மணிக்குப் பிறகு வருவதே மொத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான். ஐந்துக்குப் பிறகு சொற்பம். பதினொரு மணிக்கு நிழல் போடும் தண்ணீர்த் தொட்டியை முதலில் கவனியுங்கள்.