பிரிவுக்குப் பிறகு ‘நான்’ எங்கே போகிறது?

யாங்கோனில் டீக்கடையில் உட்கார்ந்தால் பையன் முதலில் கேட்பது எந்த டீ என்றுதான். இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமென்றால் ‘ச்சோ செயின்’, கடுப்பாக, இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் ‘போ ஜா’. எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, பெயர் மலர் என்று வைத்துக்கொள்வோம், நான்கு வருடக் காதல் முறிந்த பிறகு ஒரு நாள் தனியாகக் கடைக்குப் போனாள். பையன் கேட்டதும் வாய் தானாக “போ ஜா” என்றது. ஒரு வாய் குடித்ததும்தான் உறைத்தது, அது அவளுக்குப் பிடித்த டீயே இல்லை. அவன் குடிப்பது அது. “அப்போ எனக்கு என்னதான் பிடிக்கும்னு யோசிச்சேன்க்கா. ஒண்ணுமே தோணலை” என்று என்னிடம் அழுதாள்.

அந்த அழுகை ஒரு டீக்காக வந்ததில்லை. அவளுக்கு நடந்ததை உளவியல் ஓரளவு நன்றாகவே அளந்து வைத்திருக்கிறது.

இரண்டு பேர் நெருங்கிப் பழகும்போது ‘நான் யார்’ என்ற மனப்படத்துக்குள் மற்றவரும் நுழைந்துவிடுகிறார். அவருடைய நண்பர்கள், ரசனை, ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் எல்லாம் நம்முடையவை ஆகின்றன. நம்முடைய சில விஷயங்கள் சத்தமில்லாமல் விலகுகின்றன. மலர் வெள்ளிக்கிழமை கோயிலில் பாடிக்கொண்டிருந்தவள். அந்த நேரத்தில்தான் அவனுக்கு வேலை முடியும் என்பதால் பாட்டு நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பிரியும்போது இந்தப் பின்னல் அறுகிறது. எரிகா ஸ்லாட்டரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பிரிவுக்குப் பிறகு ‘நான் இப்படிப்பட்டவர்’ என்ற தெளிவு குறைவதையும், அந்தக் குறைவு மன வேதனையோடு தொடர்புடையதாக இருப்பதையும் காட்டினார்கள். அவனை இழந்த துக்கம் ஒன்று, நம்மை இழந்த குழப்பம் இன்னொன்று. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். “நான் எதற்கும் லாயக்கில்லை” என்று மலர் சொன்னபோது, அதற்கு அடியில் இருந்தது “நான் யாரென்றே தெரியவில்லை” என்பதுதான். தன்னைப் பற்றித் தெளிவில்லாதவர் தனக்கு மதிப்புப் போடுவது எப்படி?

எது முதலில் சரியாகும் என்பதற்கும் ஒரு விடை இருக்கிறது. ஆஷ்லி மேசன், டேவிட் ஸ்பாரா குழுவினர் பிரிந்தவர்களை எட்டு வாரம் தொடர்ந்து கவனித்து 2012இல் எழுதினார்கள். ஒரு வாரம் ‘நான்’ பற்றிய தெளிவு மோசமாக இருந்தவர்களுக்கு அடுத்த வாரம் மனநிலை மோசமானது. மனம் தேறட்டும், பிறகு என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நாம் காத்திருப்போம். அவர்கள் கண்டது கிட்டத்தட்ட நேர் எதிர் வரிசை.

சரி, தெளிவைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2015இல் கிரேஸ் லார்சனும் ஸ்பாராவும் வெளியிட்ட ஆய்வு. அண்மையில் பிரிந்த 210 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் ஒன்பது வாரத்தில் நான்கு முறை வந்து, பிரிவைப் பற்றிப் பேசவும் விரிவான கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் செய்தார்கள். மற்றவர்கள் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் படிவம் நிரப்பினார்கள். யாருக்கும் சிகிச்சையோ ஆலோசனையோ தரவில்லை. ஆனாலும் அடிக்கடி வந்தவர்களுக்குத் தங்களைப் பற்றிய தெளிவு கூடியிருந்தது, தனிமை உணர்வு குறைந்திருந்தது. பிரிவைப் பற்றிச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்ற சொல்லும் குறைந்தது.

இடைவெளி விட்டு, ஒழுங்காக, திரும்பிப் பார்க்கும் பேச்சு அது. தினமும் இரவு இரண்டு மணிவரை “ஏன் இப்படிச் செய்தான்” என்று சுழல்வது வேறு. அந்தச் சுழற்சியில் நாயகன் அவன், கேட்கவேண்டிய கேள்வியோ நம்மைப் பற்றியது.

மலரோடு நான் இதை வீட்டளவில் செய்து பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், ஒரு நோட்டு. பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டோம். அவனுக்கு முன்பே என்னிடம் இருந்தவை, அவனால் வந்து எனக்கே பிடித்துப்போனவை, அவனுக்காக மட்டும் செய்தவை. முதல் ஞாயிறு, மூன்றாவது பகுதி நிரம்பி வழிந்தது. முதல் பகுதியில் ஒரே ஒரு வரி, ‘பாட்டு’. இரண்டாவது பகுதிதான் கஷ்டமாக இருந்தது. அவன் கற்றுக்கொடுத்த மோட்டார் சைக்கிளை அவன் நினைவு வருகிறதென்று விட்டுவிடுவதா? விடவேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். ஓட்டுகிறவள் அவள்தானே. நான்காவது ஞாயிறு அவள் பேச்சில் “நாங்க” என்று வந்த இடங்களில் “நான்” வர ஆரம்பித்திருந்தது. அதை நான்தான் கவனித்தேன், அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம், புது உறவு. பிரிந்த வேகத்தில் இன்னொருவரிடம் போகாதே என்பது எல்லோரும் சொல்வது. ஆய்வு அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. க்ளாடியா ப்ரம்பாவும் கிறிஸ் ஃப்ரேலியும் 2015இல் பார்த்தபோது, சீக்கிரம் புது உறவில் இறங்கியவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடுதலாகவும் பழையவர் மீதான பிடிப்பு குறைவாகவுமே இருந்தது. ஏற்கெனவே தெம்பாக இருந்தவர்கள்தான் சீக்கிரம் இறங்கினார்களா என்பதை இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை மாதம் பொறு என்ற கணக்குக்கு இதில் ஆதாரமில்லை.

மாதக் கணக்கைவிட அந்த உறவுக்கு நாம் என்ன வேலை கொடுக்கிறோம் என்பதைப் பார்க்கலாம். உளவியலாளர் மார்க் லியரி சுயமதிப்பை முள் வைத்த ஒரு அளவுமானிக்கு ஒப்பிட்டார். மற்றவர்கள் நம்மை எவ்வளவு ஏற்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது. கைவிடப்பட்டதும் முள் கீழே விழுகிறது. புதிதாக ஒருவர் “அழகா இருக்கீங்க” என்றதும் சட்டென்று ஏறுகிறது. அந்த ஏற்றம் பொய்யில்லை. ஆனால் உள்ளே தெளிவு திரும்பாதபோது, முள்ளைத் தூக்கிப் பிடிக்கும் கை முழுக்க அவருடையதாகிவிடும். மலருக்கு ஆறாவது வாரம் ஃபேஸ்புக்கில் ஒருவர் பேச ஆரம்பித்தார். அவர் பதில் போட்டால் வேலையில் பாடிக்கொண்டே கணக்கு எழுதினாள். இரண்டு மணி நேரம் பதில் இல்லையென்றால் பழையவனின் படங்களைத் தேடிப் போனாள். இதுதான் கவனிக்கவேண்டிய அடையாளம். புதியவர் சற்று விலகியதும் மனம் பழையவரிடம் ஓடுகிறது. ஸ்டெஃபனி ஸ்பீல்மன் குழுவின் 2013 ஆய்விலும், இப்போதைய உறவு சரியில்லாதபோது பழையவர் மீதான பற்று கூடுவது தெரிந்தது.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. “சீக்கிரம் ஒரு மாப்பிள்ளை பார்த்து முடிச்சிட்டா மறந்துடுவா.” மலரின் அம்மாவும் ஜாதகத்தை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார். பயம்தான், வெறும் அன்புப் பயம். ஆனால் அது மலரின் முள்ளைத் தாங்க முன்பின் தெரியாத ஒரு மனிதரைக் கூட்டிவருவது. அவர் பெண் பார்க்க வரும்போது தான் என்ன சுமக்கப் போகிறோமென்று அவருக்குத் தெரியாது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் அமெரிக்க இளைஞர்களே கலந்துகொண்டார்கள். குடும்பமே கூடிப் பேசும் நம் பிரிவுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், நோட்டும் ஞாயிறும் போதாது. மருத்துவரிடம் உடனே கூட்டிப்போங்கள்.

அம்மாவிடம் பேச மலரே போனாள். யாரையும் மறுக்கவில்லை, தைப்பூசம்வரை கேட்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள். ஃபேஸ்புக் நண்பரிடமும் அதையே சொன்னாள்; அவர் சரி என்றார், அப்புறம் எப்போதாவதுதான் எழுதுகிறார். எழுதாத நாட்களில் என்ன செய்கிறாய் என்று போன ஞாயிறு கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “கவனிக்கலையேக்கா” என்றாள்.