தளத்தின் நடுவில் ஒரு கசிவுக்கோடு: நான் எழுதத் தவறிய தினசரி அறிக்கை

கூரைத் தளம் போட்டு நான்கு மாதம் கழித்து, முதல் பெருமழைக்கு மறுநாள், கீழ்த்தளத்தின் உட்கூரையில் ஏறத்தாழ நேர்கோடாக ஈரம் தெரிந்தது. கிழக்கு விளிம்பிலிருந்து சுமார் ஏழு மீட்டர் தள்ளி, அகலம் முழுவதும் அது ஓடியது. நீர்க்காப்புப் பூச்சு சரியில்லை என்றார் ஒப்பந்ததாரர். கான்கிரீட்டில்தான் கோளாறு என்றார் பூச்சு வேலை செய்தவர். கான்கிரீட் போட்ட நாளின் தினசரி முன்னேற்ற அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம் என்று அனைவரும் என் மேசைக்கு வந்தார்கள். அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கூரைத் தளம் கான்கிரீட் முடிந்தது. ஆட்கள் 22. சிமெண்ட் 150 மூட்டை. மிக்சர் பழுதால் சிறிது தாமதம்."

அன்று நடந்தது வேறு. தளம் 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 125 மில்லிமீட்டர் கனம்; அதாவது 18.75 கன மீட்டர். காலை 8.30-க்குக் கிழக்கிலிருந்து தொடங்கினோம். 11.10-க்கு மிக்சரின் பெல்ட் அறுந்தது. புதிய பெல்ட் வந்து மறுபடி கலவை ஏறியபோது மணி 2.00. இந்த இரண்டு மணி ஐம்பது நிமிடத்தில், வெயிலில் கிடந்த பழைய கான்கிரீட்டின் விளிம்பு இறுகிவிட்டது. வைப்ரேட்டரின் ஊசி தன் எடையிலேயே பழைய கான்கிரீட்டில் இறங்கினால் புதியதும் பழையதும் ஒன்றாகச் சேரும். இறங்காவிட்டால் இரண்டும் ஒன்றாகாது; அந்த இடம் நீர் கசியக்கூடிய இணைப்புதான். அதற்கு விளிம்பைப் பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, கம்பித் தூரிகையால் சொரசொரப்பாக்கி, சிமெண்ட் பால் ஊற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும். அன்று அப்படிச் செய்தோமா என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "சிறிது தாமதம்" என்ற இரண்டு சொற்களும் அதற்கு விடை தரவில்லை.

எழுதியிருக்க வேண்டியது இதுதான்: "11.10 முதல் 2.00 வரை நிறுத்தம்; காரணம் மிக்சர் பெல்ட் அறுந்தது. நின்ற இடம், கிழக்கு விளிம்பிலிருந்து இன்ன மீட்டர். விளிம்பு செங்குத்தாக நிறுத்தப்பட்டது அல்லது சரிவாக விடப்பட்டது. தொடரும் முன் செய்தவை இவை." தாமதப் பத்தியில் நேரத்தோடு இடத்தையும் எழுத வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, பெரும்பாலான அச்சிட்ட படிவங்களிலும் இடத்துக்கு ஒரு கட்டம் இருப்பதில்லை.

ஆட்கள் பத்தியிலும் இதே கதை. 22 என்பது வருகைக் கணக்கு மட்டுமே. நிறுத்தத்தில் உணவு இடைவேளை ஒரு மணி நேரத்தைக் கழித்தால் ஒரு மணி ஐம்பது நிமிடம் மீதி. 22 பேருக்கு அது சுமார் 40 ஆள்-மணி, எட்டு மணி நேர வேலையாகப் பார்த்தால் ஐந்து பேரின் ஒரு நாள் உழைப்பு. கொத்தனார், சித்தாள், வைப்ரேட்டர் ஆள், கம்பி ஆள் என்று பிரித்து, வேலை செய்த மணியையும் சும்மா இருந்த மணியையும் தனித்தனியே எழுதாவிட்டால், ஒரு கன மீட்டருக்கு எத்தனை ஆள்-மணி செலவானது என்று அடுத்த தளத்துக்குத் திட்டமிடும்போது தவறான எண்ணே கையில் இருக்கும்.

எனக்கு அதிக வெட்கம் தந்தது சிமெண்ட் எண். 1:1.5:3 கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் எட்டு மூட்டை என்ற கணக்கில் 18.75-ஐப் பெருக்கி 150 என்று எழுதிவிட்டேன். ஸ்டோர் ரிஜிஸ்டரில் அன்று வழங்கப்பட்டது 163. தேவைப்படும் அளவைச் செலவான அளவாக எழுதுவது சைட்டில் மிகச் சாதாரணமாக நடக்கிறது; அப்போது இரண்டு எண்களும் எப்போதும் ஒத்துப்போவதால் அந்தப் பத்தியே எதையும் காட்டாது. 13 மூட்டை என்பது சுமார் 1.6 கன மீட்டர் கான்கிரீட். அதைத் தளம் முழுவதும் பரப்பினால் 11 மில்லிமீட்டர் கூடுதல் கனம். சென்ட்ரிங் சற்றே தாழ்ந்திருந்தால் இவ்வளவு போய்விடும். பெல்ட் அறுந்தபோது டிரம்மில் இருந்த கலவையைக் கொட்டியதும் இதில் கொஞ்சம் சேரும். பாக்கி வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அன்றிரவே 163 என்று எழுதியிருந்தால், மறுநாள் காலை கீழிருந்து மட்டம் பார்த்து எது உண்மை என்று அறிந்திருக்கலாம்.

இப்போது சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறேன். வேலை நின்றதும் மணியையும் இடத்தையும் அங்கேயே எழுதி, ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம் அப்போதே கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். "மேஸ்திரியின் அலட்சியம்" என்பதுபோன்ற தீர்ப்பு எதையும் அதில் எழுதுவதில்லை. எழுதினால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். "11.10-க்கு பெல்ட் அறுந்தது, மாற்று பெல்ட் சைட்டில் இல்லை" என்றால் தயங்காமல் போடுகிறார்.