ஐஆர்என் வந்துவிட்டால் பில் சரியாகிவிடுமா?

மயிலாடுதுறையிலிருந்து பொறையாறு வழியாகப் போய், நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் காரைக்கால். அதே பேச்சு, அதே நெல்வயல், பின்கோடுகூட அதே 609-ல்தான் ஆரம்பிக்கும். ஆனால் ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை பாலத்துக்கு இந்தப் பக்கம் மாநிலக் குறியீடு 33, அந்தப் பக்கம் 34. தெரியாதவர்கள் யாரும் இல்லை. இருந்தும் எங்கள் பகுதியில் இ-இன்வாய்ஸ் தொடர்பாக என்னிடம் வரும் சிக்கல்களில் நிறைய இந்தப் பாலத்தில்தான் பிறக்கின்றன. அதனால் இதையே வைத்து, போர்ட்டல் ஒரு பில்லை நிராகரித்தால் என்ன செய்வது, நிராகரிக்காமல் தப்பான பில்லை ஏற்றுக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன்.

2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் மொத்த விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால், ஜிஎஸ்டி பதிவுள்ளவருக்குப் போடும் பில்லை அரசின் பதிவுப் போர்ட்டலுக்கு அனுப்பி ஐஆர்என் வாங்கியாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் இதுதான் விதி. இன்றைக்கு வியாபாரம் குறைந்துவிட்டது என்பதால் விலக்கு கிடைக்காது. ஐஆர்என் என்பது 64 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளம். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் நம்பர் இந்த நான்கையும் வைத்துத்தான் அது உருவாகிறது. தொகை, வரி, வாங்குபவர் பெயர் எதுவும் அதில் சேராது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பைப், மோட்டார் விற்கும் கடை ஒன்று. சம்பாவுக்கு முன்பு போர்வெல் வேலைகள் சூடுபிடிக்கும் நேரம், ஆகஸ்ட் 20. காரைக்காலில் உள்ள ஹார்டுவேர் கடைக்கு 86,400 ரூபாய்க்குச் சரக்கு. வரி 18 சதவீதம், அதாவது 15,552. மொத்தம் 1,01,952. பில் போடுகிற தம்பி வழக்கம்போல சிஜிஎஸ்டி 7,776, எஸ்ஜிஎஸ்டி 7,776 என்று போட்டு அனுப்பினார். போர்ட்டல் உடனே திருப்பிவிட்டது. வந்த எண் 2265: வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் உள்ள மாநிலக் குறியீடும் முகவரியில் கொடுத்த மாநிலமும் ஒத்துப்போகவில்லை. ஆமாம், டேலியில் அந்தப் பார்ட்டியின் லெட்ஜரை யாரோ என்றைக்கோ 'தமிழ்நாடு' என்று திறந்து வைத்திருந்தார்கள்.

இதுவரை ஒரு கெடுதலும் இல்லை. நிராகரித்த பில்லுக்கு ஐஆர்என் உருவாகவில்லை, ஆகவே அந்த நம்பர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தப்பைத் திருத்தி அதே நம்பரில் மறுபடி அனுப்பலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, லெட்ஜரில் மாநிலத்தைப் புதுச்சேரி என்று மாற்றி, பில்லைப் புதிதாகத் திறந்து, வரியை வெளிமாநில விற்பனைக்கு உரிய ஐஜிஎஸ்டியாகப் போடுவது. தம்பி என்ன செய்தார் என்றால், வெளியே வண்டி நிற்கிறது, லெட்ஜர் பக்கமே போகாமல், பில்லுக்குள் இருக்கும் முகவரித் திரையில் மாநிலத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார். ஐஆர்என் வந்தது. கியூஆர் கோடு வந்தது. இ-வே பில்லும் வந்தது. வண்டி கிளம்பியது.

போர்ட்டலுக்குப் போன தகவலில் வாங்குபவர் பகுதி இப்படி இருந்தது:

```
"BuyerDtls": {
  "Pos": "33",
  "Loc": "Karaikal",
  "Pin": 609602,
  "Stcd": "34"
}
```

`Stcd` 34 ஆகிவிட்டது. `Pos`, அதாவது சரக்கு எந்த மாநிலத்தில் சப்ளை ஆகிறது என்பது, பழைய லெட்ஜரிலிருந்து வந்த 33-லேயே நிற்கிறது. எந்த வரி பொருந்தும் என்பதைப் போர்ட்டல் இந்த `Pos`-ஐ விற்பவரின் மாநிலத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. இரண்டும் 33, அப்போது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி சரிதானே? வேறு மாநிலப் பதிவுள்ள ஒருவருக்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே சப்ளை நடப்பதும் சாத்தியம்தான் என்பதால் அது தடுக்காது. கணக்கு கூட்டிவந்தால், குறியீடுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருந்தால், போர்ட்டல் ஏற்றுக்கொள்ளும். சரக்கு உண்மையில் எங்கே போகிறது என்பது அதற்குத் தெரியாது. நிராகரிப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஐஆர்என் வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பார்க்கப்போனால் பயப்பட வேண்டிய இடம் அதற்கப்புறம்தான் இருக்கிறது.

(“அவர் கடைக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார், அதனால் உள்ளூர் விற்பனைதானே” என்று கேட்பவர்கள் உண்டு. சரக்கை விற்பவர் கொண்டுபோனாலும் வாங்குபவர் கொண்டுபோனாலும், போய்ச் சேர்கிற இடத்தைத்தான் சட்டம் பார்க்கிறது.)

அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் எளிது. ஐஆர்என் உருவான 24 மணி நேரத்துக்குள் போர்ட்டலில் அதை ரத்து செய்யலாம். ஆனால் முழுதாகத்தான் ரத்து செய்ய முடியும். பில்லில் ஒரு பகுதியை மட்டும் திருத்தவோ பாதியை ரத்து செய்யவோ வழி கிடையாது. அந்த ஐஆர்என்-மேல் இ-வே பில் நடப்பில் இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்ட இ-வே பில்லை ரத்து செய்ய முடியாது. சரக்கு போய் இறங்கியபிறகு, போகவே இல்லை என்பதுபோல அதை ரத்து செய்வதும் முறையல்ல. ஆகவே 24 மணி நேரம் என்பது காகிதத்தில்தான். வண்டி கிளம்பும் வரைதான் உங்களுக்கு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்து செய்தாலும் அந்த பில் நம்பர் செத்தது செத்ததுதான். ஐஆர்என் பில் நம்பரை வைத்தே உருவாவதால் அதே நம்பருக்கு மறுபடி கிடைக்காது, புதிய நம்பரில்தான் பில் போட வேண்டும். இங்கேதான் டேலியில் ஒரு பெரிய சிக்கலை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். போர்ட்டலில் ரத்து செய்த பில்லை டேலியில் Alt+X அழுத்தி ரத்து செய்ய வேண்டும், அப்போது நம்பர் அங்கேயே தொகையில்லாமல் நிற்கும். சிலர் Alt+D அழுத்தி அழித்துவிடுகிறார்கள். வவுச்சர் வகையில் நம்பர் அமைப்பு `Renumber Vouchers` என்று இருந்தால், நடுவில் ஒரு பில் அழிந்ததும் அதற்குப் பின்னால் உள்ள எல்லா நம்பரும் ஒன்று கீழே இறங்கிவிடும். 412-ஆக ஐஆர்என் வாங்கிய பில் டேலியில் 411 ஆகி நிற்கும். மாதக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தால் அதற்குப் பிறகு ஒரு பில்லும் பொருந்தாது. இ-இன்வாய்ஸ் போடும் கம்பெனி என்றால் அந்த அமைப்பை `Retain Original Voucher No.` என்று மாற்றிவிடுங்கள், இன்றைக்கே.

நம் பைப் கடை விஷயத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஐஆர்என் வாங்கிய பில் தானாகவே விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-க்குப் போய்விடும் அல்லவா, அதை அப்படியே செப்டம்பர் 11-ம் தேதி தாக்கல் செய்தார்கள். 14-ம் தேதி காரைக்கால் கடைக்கு, வாங்கிய பில்களின் வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி வந்தது. அதில் இந்த பில், வரி வரவு கிடைக்காதவை என்ற பகுதியில் இருந்தது. விற்பவரின் மாநிலமும் சப்ளை இடமும் ஒன்று, வாங்குபவர் மட்டும் வேறு மாநிலம் என்றால் 2பி அப்படித்தான் ஒதுக்கிவைக்கும். 15,552 ரூபாய் போச்சு என்று அவர் போன் போட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

இந்த நிலையில் இரண்டு வழி. அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-ல் திருத்தப் பகுதியில் மாற்றுவது ஒன்று. எனக்கு அதில் விருப்பமில்லை, ஏனென்றால் ரிட்டர்னில் ஒரு விவரமும், கியூஆர் கோடோடு அச்சடித்துக் கொடுத்த பில்லில் வேறொரு விவரமும் என்றென்றைக்கும் நிற்கும். பின்னால் நோட்டீஸ் வந்தால் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் செய்தது, பழைய பில் நம்பரையும் தேதியையும் குறிப்பிட்டு, அதே சப்ளை இடம் 33-ஐ வைத்து, அதே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி-யோடு முழுத் தொகைக்கும் ஒரு கிரெடிட் நோட். அதற்கும் ஐஆர்என் வாங்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் லெட்ஜரைத் திருத்தி, செப்டம்பர் தேதியில் 86,400-க்கு ஐஜிஎஸ்டி 15,552 போட்டுப் புதிய பில். ஆகஸ்டில் கட்டிய சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி செப்டம்பர் கணக்கில் குறைந்துவிட்டது, ஐஜிஎஸ்டி ஏறியது. உள்மாநிலம் என்று நினைத்துக் கட்டியது பிறகு வெளிமாநில சப்ளை என்று ஆனால், ஐஜிஎஸ்டிக்கு வட்டி கிடையாது என்று ஐஜிஎஸ்டி சட்டத்தின் 19-வது பிரிவே சொல்கிறது. காரைக்கால்காரருக்கு வரவு கிடைத்தது, ஒரு மாதம் தாமதமாக.

இன்னொரு வகை இருக்கிறது. பார்க்க நிராகரிப்பு மாதிரியே இருக்கும், ஆனால் நிராகரிப்பு இல்லை. பிழை எண் 2150, `Duplicate IRN`. பில்லை அனுப்பிய நொடியில் கரண்ட் போய்விடுகிறது, அல்லது நெட் அறுந்துவிடுகிறது. போர்ட்டலில் ஐஆர்என் உருவாகிவிட்டது, டேலிக்குத்தான் பதில் வந்து சேரவில்லை. டேலி இன்னும் நிலுவை என்றே காட்டும். மறுபடி அனுப்பினால் 2150. இதைப் பார்த்ததும் பில் நம்பரை மாற்றி அனுப்பி வேலையை முடித்துவிடுகிறார்கள். புதிய நம்பருக்குப் புதிய ஐஆர்என் கிடைக்கத்தானே செய்யும். இப்போது ஒரே சரக்குக்கு இரண்டு பில், ஜிஎஸ்டிஆர்-1-ல் இரண்டு விற்பனை, இரட்டை வரி. டேலியில் ஒன்றுதான் இருக்கும், அதனால் கடைக்காரர் கண்ணுக்கே படாது.

2150 வந்தால் நம்பரைத் தொடாதீர்கள். டேலியில் `Get IRN Info` என்ற வசதியால் உருவான ஐஆர்என்-ஐ இழுத்துக்கொள்ளலாம். உருவாகி இரண்டு நாள் தாண்டினால் அது வராது, அப்போது ஜிஎஸ்டி போர்ட்டலில் இ-இன்வாய்ஸ் பட்டியலை இறக்கி எடுக்க வேண்டியதுதான். இழுத்தபின் தொகையை ஒருமுறை பாருங்கள். முதல் முறை அனுப்பியதற்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் நீங்கள் விலையைத் திருத்தியிருந்தால், போர்ட்டலில் இருப்பது பழைய விலைதான். ஐஆர்என்-ல் தொகை சேராது என்று முன்னால் சொன்னேனே, அதனால்தான் திருத்திய பில்லையும் அது பழையதன் நகல் என்றே சொல்கிறது.

நான் பார்க்கும் கடைகளில் இப்போது தினமும் சாயங்காலம், வண்டிகளை அனுப்புவதற்கு முன், போர்ட்டலிலிருந்து அன்றைய பட்டியலை இறக்கி டேலியின் விற்பனைப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பில் எண்ணிக்கை ஒன்றா, மொத்தத் தொகை ஒன்றா, 34-ல் தொடங்கும் ஜிஎஸ்டி எண் எதற்காவது ஐஜிஎஸ்டி இல்லாமல் போயிருக்கிறதா, இவ்வளவுதான். காரைக்கால், திருநள்ளாறு பார்ட்டிகளின் லெட்ஜர்களை மட்டும் ஒருநாள் உட்கார்ந்து திறந்து பார்த்து மாநிலத்தைச் சரிசெய்துவிட்டால், அந்த மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் வேலையே இருக்காது.