82-க்கும் 44-க்கும் நடுவே சொல்லாமல் விட்டது

2007-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த ரூடி ஜூலியானி, ஒரு வானொலி விளம்பரத்தில் தன் நோயைப் பற்றிப் பேசினார். தனக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்து குணமாகிவிட்டது என்றார். அமெரிக்காவில் அந்த நோயிலிருந்து பிழைக்க 82 சதவீத வாய்ப்பு, அரசே மருத்துவம் நடத்தும் இங்கிலாந்தில் வெறும் 44 சதவீதம் என்றார்.

கேட்டவுடன் தலையாட்டத்தான் தோன்றும். ஆனால் முதலில் வாதத்தைப் பிரித்துப் போட்டுவிடலாம். முடிவு: அமெரிக்க மருத்துவ முறைதான் உயிரை நன்றாகக் காப்பாற்றுகிறது. ஆதாரம்: இரண்டு சதவீதங்கள். ஆதாரத்தில் மருத்துவ முறையின் தரம் என்ற பேச்சே இல்லை. முடிவில்தான் அது திடீரென்று வருகிறது. இப்படி முடிவில் புதிதாக முளைக்கும் சொல்லைக் கவனித்தாலே, சொல்லாமல் விட்ட அனுமானம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

சரி, அந்தச் சதவீதங்கள் எங்கிருந்து வந்தன? ஓர் இதழ்க் கட்டுரையில் போட்ட கணக்கு அது. ஒரு லட்சம் ஆண்களுக்கு இங்கிலாந்துத் தரப்பில் ஆண்டுக்கு 49 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது, 28 பேர் இறந்தார்கள். மீதி 21 பேர், அதாவது 49-ல் ஏறத்தாழ 43 சதவீதம். அமெரிக்காவில் 136 பேருக்குக் கண்டறியப்பட்டது, 26 பேர் இறந்தார்கள். அதே கணக்கில் ஏறத்தாழ 81 சதவீதம். விளம்பரத்தில் வந்த 44, 82-க்கு மிக அருகில். ஓர் ஆண்டில் இறப்பவர்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் நோய் தெரிய வந்தவர்கள். அவர்களை இந்த ஆண்டின் புது நோயாளிகளிலிருந்து கழிப்பதே தவறு. ஆனால் அதைவிடச் சுவாரசியமான ஓட்டை வேறொன்று. இறப்பு எண்களை மட்டும் பாருங்கள்: 28, 26. கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு நாடுகளையும் பிரிப்பது 49, 136 என்ற கண்டறிதல் எண்கள்.

அப்படியானால் இந்த வாதம் நிற்க எது உண்மையாக இருக்க வேண்டும்? நோய் கண்டறியப்பட்டவர் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரியான நோயாளி என்பது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத அனுமானம் இதுதான். இது வாதத்துக்கு உண்மையிலேயே தேவையா என்று பார்க்க, இதை மறுத்துப் பார்க்க வேண்டும். மறுத்தால் வாதம் சரிகிறதா? சரிந்தால், நாம் பிடித்தது சரியான அனுமானம்.

மறுத்துப் பார்ப்போம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அறிகுறி எதுவும் இல்லாத ஆண்களுக்கும், புராஸ்டேட் புற்றுநோய் இருக்கலாமா என்று பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பரவலாகச் செய்தார்கள். பிரிட்டனில் அந்த அளவுக்கு இல்லை. புராஸ்டேட் கட்டிகளில் பல மிக மெதுவாக வளர்பவை. அது இருப்பதே தெரியாமல் வேறு காரணத்தால் இறந்துபோகும் முதியவர்கள் ஏராளம். இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஆபத்தான கட்டியுள்ள 100 பேரில் 40 பேர் பிழைக்கிறார்கள்: 40 சதவீதம். பரிசோதனை வந்து, தொந்தரவே தராத கட்டியுள்ள இன்னும் 100 பேரையும் பட்டியலில் சேர்க்கிறது. இப்போது 200-ல் 140 பேர், 70 சதவீதம். இறந்தவர்கள் அன்றும் 60, இன்றும் 60. ஒருவரும் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை.

முறையாக ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதத்தை எடுத்தாலும் இதே சிக்கல் வேறு வழியில் வரும். 70 வயதில் இறக்கப்போகிறவருக்கு நோய் 67-ல் தெரிந்தால் அவர் ஐந்தாண்டு பிழைக்காதவர். 60-லேயே தெரிந்தால் பிழைத்தவர். சாகும் நாள் மாறவில்லை, எண்ணத் தொடங்கிய நாள்தான் மாறியது.

இதிலெல்லாம் ஒரு தப்பும் எளிதில் நேரும். ‘இங்கிலாந்தில் யாருக்குமே நல்ல சிகிச்சை கிடைப்பதில்லை’ என்பதை ஜூலியானியின் அனுமானமாக எடுத்துக்கொண்டு அதை உடைத்தால் கைதட்டல் கிடைக்கலாம். ஆனால் அதை மறுத்தாலும் அவர் வாதத்துக்குச் சேதமில்லை; சிலருக்கு நல்ல சிகிச்சை கிடைத்தும் சராசரி மோசமாக இருக்கலாமே. தேவைக்கு மேல் கனமான அனுமானத்தை எதிராளி தலையில் ஏற்றுவது வெறும் வம்பு. அதேபோல், அனுமானம் உடைந்ததால் முடிவு பொய் என்றும் ஆகாது. அமெரிக்கச் சிகிச்சை மேலானதாகவே இருக்கலாம், அதை இந்த எண்கள் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முன்கூட்டியே கண்டறிவது உயிர் காக்கிறதா என்று தெரிய, ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பரிசோதனை செய்து, இரண்டிலும் இறப்புகளை எண்ண வேண்டும். ஐரோப்பாவில் அப்படிச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2009-ல் வந்தது. பரிசோதித்த குழுவில் அந்த நோயால் இறப்பது சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் ஓர் இறப்பைத் தவிர்க்க 1,410 பேரைப் பரிசோதித்து, கூடுதலாக 48 பேருக்குச் சிகிச்சை தர வேண்டியிருந்தது. பயன் உண்டு, ஆனால் 82-க்கும் 44-க்கும் இடையிலான பிளவு அளவுக்கு இல்லை.