டெய்லி ப்ராடக்ட்: நாள் பெருக்கற்பலன்

பெங்களூரு அல்சூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் நடப்புக் கணக்கின் ஜூன் மாத ஓவர்டிராஃப்ட் ஸ்டேட்மென்டை என்னிடம் நீட்டினார். "வட்டி 1,874 ரூபாய்தான் வரணும் தம்பி, 2,022 பிடிச்சிருக்காங்க" என்றார். வங்கி தந்த கடிதத்தில் வட்டி 'டெய்லி ப்ராடக்ட்' முறைப்படி என்றிருந்தது. அதை அவர் ஏதோ வங்கித் திட்டத்தின் பெயர் என்று நினைத்திருந்தார்.

ப்ராடக்ட் என்றால் விளைபொருள் என்றே நமக்குப் பழக்கம். 'வெளிக்கொணர்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இரண்டு எண்களைப் பெருக்கினால் வெளிவருவதும் ப்ராடக்ட்தான். பள்ளிக் கணக்கில் அதைப் பெருக்கற்பலன் என்று படித்தோம். எனவே இதை நாள் பெருக்கற்பலன் எனலாம். 'தினசரி உற்பத்தி' என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். ஓவர்டிராஃப்டுக்கு மேல்வரைப்பற்று என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்த பற்று அது.

சரி, அண்ணன் கணக்குக்கு வருவோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். ஜூன் 1 முதல் 5 வரை பற்று 2,00,000. 6ஆம் தேதி 80,000 கட்டியதும் 1,20,000 ஆனது. 10ஆம் தேதி சரக்குக்கு 1,50,000 எடுத்தார், 2,70,000. 21ஆம் தேதி 1,00,000 கட்டினார், மாதக் கடைசி வரை 1,70,000. இந்த நான்கு தொகைகளின் சராசரி 1,90,000. அதற்கு 30 நாள் வட்டி போட்டுத்தான் அவருக்கு 1,874 வந்தது.

ஆனால் 1,20,000 இருந்தது நான்கே நாள், 2,70,000 இருந்தது பதினொரு நாள். இரண்டையும் சமமாக எடுத்தால் எப்படிச் சரியாகும்? அதனால்தான் ஒவ்வொரு தொகையையும் அது நின்ற நாட்களால் பெருக்குகிறார்கள்:

```
2,00,000 ×  5 = 10,00,000
1,20,000 ×  4 =  4,80,000
2,70,000 × 11 = 29,70,000
1,70,000 × 10 = 17,00,000
               61,50,000
61,50,000 × 12 ÷ 36,500 = 2,021.92
```

61,50,000 என்பது ரூபாயும் அல்ல, நாளும் அல்ல. ஒரே ஒரு ரூபாயை அத்தனை நாள் கடனாக வைத்திருந்தால் என்ன வட்டியோ, அதே வட்டிதான் இதற்கும். 36,500இல் 365 நாளும் சதவீதத்தின் நூறும் அடக்கம். வங்கி பிடித்தது சரிதான்.

நாளை எண்ணும்போதுதான் பலரும் தடுக்குவார்கள். வங்கி பார்ப்பது அன்றைய இறுதி இருப்பு. 6ஆம் தேதி கட்டிய பணம் அன்றைய பற்றையே குறைத்துவிடும், அதனால் 2,00,000க்கு ஐந்து நாள்தான். நாட்களைக் கூட்டினால் 30 வர வேண்டும். 31 வந்தால் ஒரு தேதியை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். அப்புறம், காசோலையைப் போட்ட நாள் கணக்கில்லை, பணம் வரவான நாள்தான் கணக்கு.

நடுவில் கணக்கு வரவு இருப்புக்குப் போனால் அந்த நாட்களின் பலன் சுழியம். நடப்புக் கணக்குக்கு வங்கி வட்டி தராது, அதனால் அந்த வரவு இருப்பைப் பற்றின் பலனிலிருந்து கழிக்கக் கூடாது. ஜூன் 30 இரவு வட்டி பற்றில் ஏறியதால், அண்ணனின் ஜூலைக் கணக்கு 1,72,022இல் தொடங்கியது.